ட்ரோன் சாய்வதற்குப் பின்னால் இரண்டு எண்கள்

நான்கு விசிறி ட்ரோன் வலப்பக்கம் நகர வேண்டுமானால் முதலில் வலப்பக்கம் சாய வேண்டும். அதற்காக இடப்பக்க மோட்டார்கள் இரண்டும் சற்று வேகமெடுக்கும், வலப்பக்க மோட்டார்கள் சற்றுத் தணியும். ஆனால் மோட்டார்களால் சாய்வை நேரடியாகக் கொடுக்க முடியாது. அவை தருவது திருப்பு விசை. அதனால் பிறப்பது கோண முடுக்கம். முடுக்கம் சேர்ந்து சேர்ந்து சுழலும் வேகமாகிறது. வேகம் சேர்ந்து சேர்ந்து சாய்வுக் கோணமாகிறது. இப்படி இரண்டு முறை கூட்டல் நடப்பதால், கட்டுப்பாட்டுப் பொறியாளர்கள் இதை இரட்டைத் தொகையீட்டு அமைப்பு என்கிறார்கள்.

இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. கோணப் பிழையை மட்டும் பார்த்து, அதற்கேற்ற திருப்பு விசையைக் கொடுத்தால் என்ன ஆகும்? ட்ரோன் கேட்ட கோணத்தை அடையும்போது பிழை சுழியம், விசையும் சுழியம். ஆனால் அதுவரை சேர்ந்த வேகம் எங்கும் போய்விடவில்லை. அது கோணத்தைத் தாண்டி ஓடும், திரும்பும், மறுபக்கம் தாண்டும். உராய்வே இல்லாத ஊஞ்சல் போல ஆட்டம் ஓயாது. பெருக்கெண்ணைக் கூட்டினால் ஆட்டம் வேகமாகுமே தவிர, நிற்காது.

எனவே வேகத்தையும் கவனிக்க வேண்டும். நல்லவேளையாக, ட்ரோனில் உள்ள கைரோ சுழலும் வேகத்தை நேரடியாகவே அளந்து தருகிறது. அதை வைத்து ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு லூப்களை அமைக்கிறார்கள். வெளி லூப் கோணப் பிழையைப் பார்த்து, ‘இவ்வளவு வேகத்தில் சுழல்’ என்று சொல்லும். உள் லூப் அந்த வேகத்தைக் கைரோ வேகத்தோடு ஒப்பிட்டு, வேண்டிய முடுக்கத்தைக் கேட்கும்.

```
rate_ref = Ka * (angle_ref - angle)
accel    = Kr * (rate_ref - rate)
```

இந்த இரண்டு வரிகளையும் சேர்த்தால் s² + Kr·s + Kr·Ka என்ற சமன்பாடு வரும். ஆட்டம் எவ்வளவு தணியும் என்பதை Kr / Ka விகிதம் மட்டுமே தீர்மானிக்கிறது. அது 4 என்றால் கேட்ட கோணத்தைத் தாண்டாமல் போய் நிற்கும். 1 என்றால் 16 சதவீதம் தாண்டும்.

1.2 கிலோ ட்ரோன் ஒன்றை எடுத்துக்கொள்வோம். அதன் நிலைமத் திருப்புத்திறன் 0.01 கிலோ·மீ². Ka = 5, Kr = 20 என்று வைத்து 30° சாயச் சொல்கிறோம். வெளி லூப் முதலில் வினாடிக்கு 150° வேகம் கேட்கும். உள் லூப் அதை 20 மடங்காக்கி முடுக்கமாக மாற்றும்; அதற்கு வேண்டிய திருப்பு விசை சுமார் 0.52 நியூட்டன் மீட்டர். மோட்டார்கள் நடு அச்சிலிருந்து 16 செ.மீ. தள்ளி இருந்தால், ஒவ்வொன்றும் 0.8 நியூட்டன் கூட்டவோ குறைக்கவோ வேண்டும். மிதக்கும்போது ஒவ்வொன்றும் தாங்குவது கிட்டத்தட்ட 3 நியூட்டன் என்பதால் இது சாத்தியமே. அரை வினாடியில் ட்ரோன் 29° அளவுக்கு வந்துவிடும். Ka-வையும் 20 ஆக்கினால், காகிதத்தில் 35° வரை போய்த் திரும்பும்.

நிஜத்தில் அப்படித் திரும்பாது. மோட்டார் சொன்னவுடன் வேகம் மாறாது. அதன் தாமத மாறிலி 0.05 வினாடி என்று கணக்கில் சேர்த்தால், Ka 20-ஐத் தொட்டதுமே ஆட்டம் தணியாமல் நின்றுவிடும். வினாடிக்கு மூன்று முறை கண்ணுக்குத் தெரியும்படி தள்ளாடும். Kr-ஐ ஏற்றினாலும் இந்த வரம்பு நகராது. Kr மிகுந்தால் வரும் கோளாறு வேறு வகை: வடிகட்டிகளின் தாமதமும் சேர்ந்து, வேகமான நடுக்கமாக வரும். அது கண்ணைவிடக் காதுக்கு முதலில் எட்டும், மோட்டாரும் சூடாகும். இதனால்தான் முதலில் உள் லூப்பைச் சரிசெய்துவிட்டுப் பிறகு வெளி லூப்பைத் தொடுகிறார்கள். மாற்றிச் செய்தால் எந்த ஆட்டம் எதனால் வந்தது என்று பிரித்தறிவது பெரும்பாடு.

ஆர்டுபைலட் மென்பொருளில் ATC_ANG_RLL_P 4.5 என்றும், ATC_RAT_RLL_P 0.135 என்றும் இருப்பதைப் பார்த்து விகிதம் தலைகீழாக இருக்கிறதே என்று குழம்ப வேண்டாம். இரண்டாவது எண் முடுக்கத்தை அல்ல, மோட்டார் கட்டளையின் பங்கைத் தருகிறது. முழுக் கட்டளைக்கு அந்த ட்ரோன் காட்டும் முடுக்கத்தால் பெருக்கினால்தான் நம் Kr கிடைக்கும்.

மீதி ஒரு குறை. பேட்டரியைத் தள்ளிக் கட்டியதில் ட்ரோனின் ஈர்ப்பு மையம் 5 மி.மீ. பக்கவாட்டில் நகர்ந்துவிட்டால், நம் ட்ரோன் நிரந்தரமாக 3.4° சாய்ந்தே நிற்கும். பிழை இருந்தால்தானே விசை பிறக்கும்! அதனால் உள் லூப்பில், பிழையைத் தொடர்ந்து கூட்டி வைக்கும் ஓர் உறுப்பையும் சேர்க்கிறார்கள். தரையில் நிற்கும்போது மட்டும் அதைச் சேரவிடக் கூடாது. கால்கள் ஊன்றி நிற்கும் ட்ரோனால் திரும்ப முடியாது. பிழை தீராமல் கூட்டல் ஏறிக்கொண்டே போய், கிளம்பிய கணத்தில் அது கவிழ்ந்துவிடும்.