பட்டியலின் கடைசி வரி

ஆறு மாதமாக என் கழுத்தில் அரிப்பு. செயினால்தான் என்று கழற்றி வைத்தேன். போகவில்லை. சலவைத்தூளை மாற்றினேன். அப்படியும் போகவில்லை. "உடம்பில் பூசுவதை எல்லாம் எடுத்துக்கிட்டு வாங்கம்மா" என்றார் தோல் மருத்துவர். ஒரு பை நிறையக் கொண்டுபோனேன்.

அவர் ஒவ்வொரு போத்தலிலும் பொருள் பட்டியலின் கடைசி வரிகளைத்தான் படித்தார். 'பர்ஃபம்' என்ற ஒரே சொல்லுக்குள் பல வாசனைப் பொருள்கள் அடங்கிவிடும். ஆனால் ஐரோப்பிய விதிப்படி, ஒவ்வாமை தரக்கூடிய 26 பொருள்களை 2005 முதல் தனித்தனியாகப் பெயர் சொல்லி எழுத வேண்டும். 2023இல் வந்த புதிய விதி அந்தப் பட்டியலை எண்பதுக்கும் மேலாக நீட்டியிருக்கிறது. அங்கே விற்கும் பொருள்கள் பல அதே லேபிளோடு நம் கடைகளுக்கும் வருகின்றன. லினலூல், லிமோனீன் என்ற பெயர்களை அதில்தான் பார்க்கலாம்.

என் பையில் மாட்டியது லாவெண்டர் லோஷன். 'இயற்கையானது' என்று நம்பி வாங்கியது. லாவெண்டர் எண்ணெயில் இயல்பாகவே லினலூல் நிறைய உண்டு. ஆரஞ்சுத் தோல் எண்ணெயில் இருப்பது பெரும்பாலும் லிமோனீன். இவை இரண்டும் புதிதாக இருக்கும்போது தோலுக்குப் பெரிய தொல்லை தருவதில்லை. காற்றுப் பட்டு ஆக்சிஜனோடு சேர்ந்தால் ஹைட்ரோபெராக்சைடுகளாக மாறும். ஒவ்வாமையைக் கிளப்புபவை அவைதான். என் லோஷனோ ஒரு வருடமாகப் பாதி காலியாகக் கிடந்தது.

அதைக் கண்டுபிடிக்க இவ்வளவு நாள் ஆனதற்கும் காரணம் உண்டு. இந்த அரிப்பு பூசிய உடனே வராது, ஓரிரு நாள் கழித்துத்தான் எழும். அதற்குள் நாம் வேறொன்றின் மேல் பழி போட்டுவிடுவோம். பரிசோதனைக்காக முதுகில் ஒட்டுத்துண்டுகளை ஒட்டி, இரண்டு நாள் கழித்து எடுத்தார்கள். நான்காம் நாள் மறுபடி பார்த்தார்கள். வழக்கமான 'வாசனைக் கலவை' ஒட்டில் ஒன்றுமே இல்லை. அந்தக் கலவையில் லினலூலும் இல்லை, லிமோனீனும் இல்லை. தனியாக வைத்த ஆக்சிஜனேறிய லினலூல் மட்டும் சிவந்திருந்தது. வாசனைச் சோதனை 'நெகட்டிவ்' என்று யாராவது உங்களிடம் சொன்னால், எதை வைத்துச் சோதித்தார்கள் என்று கேளுங்கள்.

இப்போது நானும் கடையில் கடைசி வரியிலிருந்துதான் படிக்கிறேன். பூசிவிடும் கிரீமில் 0.001 சதவீதத்தைத் தாண்டினாலே பெயர் எழுத வேண்டும். நூறு கிராமில் ஒரு மில்லிகிராம். கழுவிவிடும் ஷாம்பூ, சோப்புக்கு வரம்பு அதைவிடப் பத்து மடங்கு. ஆகவே ஷாம்பூவில் பெயர் இல்லை என்றால் பொருளே இல்லை என்று அர்த்தமல்ல.

என் அக்காவின் கதை வேறு. சென்ட் வாசம் பட்டாலே அவருக்குத் தும்மல், மூச்சு இறுக்கம். இந்தப் பெயர்கள் தோல் ஒவ்வாமைக்காக எழுதப்படுபவை. அவருக்கு எந்த வாசனையும் இல்லாத பொருளே வேண்டும். 'அன்சென்டட்' என்று போட்டிருந்தாலும், மூல நாற்றத்தை மறைக்கச் சிறிது வாசனை சேர்த்திருக்கலாம். அதனால் அவரும் போத்தலைத் திருப்பி, 'பர்ஃபம்' இருக்கிறதா என்று தேடுகிறார்.