மூன்று தலைமுறைப் படங்களுக்கு ஒரே கட்டம்

பாட்டியின் எண்பதாவது பிறந்தநாளுக்குக் குடும்பப் படங்களைத் தொகுக்க உட்காரும் யாருக்கும் முதலில் இடிப்பது படங்களின் வடிவம்தான். அறுபது, எழுபதுகளில் பலர் வைத்திருந்த அக்ஃபா கிளிக் 3 கேமரா, பிலிமில் ஆறு சென்டிமீட்டர் சதுரமாகப் படம் பதித்தது. அந்தக் காலத்துப் படங்கள் சதுரமாகவே கிடைக்கும். பிறகு வந்த 35 மி.மீ. பிலிம் சுருளில் ஒரு படத்தின் அளவு 36-க்கு 24 மி.மீ.; ஸ்டூடியோவில் கழுவி வாங்கிய நாலுக்கு ஆறு அங்குலப் படங்கள் அந்த விகிதத்தில் வந்தவை. இன்றைய கைபேசிப் படம் பெரும்பாலும் நாலுக்கு மூன்று. இவை மூன்றையும் பக்கத்துக்குப் பக்கம் கண்ணளவில் இழுத்து வைத்தால், ஒரு பக்கத்தில் படம் மேலே ஏறியும் அடுத்த பக்கத்தில் இறங்கியும் நிற்கும். படக்குறிப்பு எங்கே இருக்கிறதென்று ஒவ்வொரு முறையும் தேட வேண்டியிருக்கும்.

இதற்கு வழி, படங்களைத் தொடுவதற்கு முன்பே பக்கத்தைக் கட்டங்களாகப் பிரித்துவிடுவது. கண்ணுக்குத் தெரியாத அந்தக் கட்டங்களின் விளிம்பில்தான் எல்லாம் உட்கார வேண்டும். எல்லா வடிவத்துக்கும் ஒத்துப்போகும் ஒரு கட்டத்தை இங்கே கணக்குப் போட்டே காட்டுகிறேன்.

ஏ4 தாளைப் படுக்கை வாட்டில் வைத்தால் அகலம் 297 மி.மீ., உயரம் 210 மி.மீ. இடமும் வலமும் 16 மி.மீ. ஓரம் விடுங்கள். மேலே 15, கீழே 20. கீழே கூடுதலாக விடுவது பக்க எண்ணுக்காக. மிச்சம் 265-க்கு 175. இதைக் குறுக்கே ஆறாகவும் கீழ்நோக்கி நான்காகவும் பிரித்து, கட்டங்களுக்கு இடையே 5 மி.மீ. விட்டால், ஒவ்வொரு கட்டமும் சரியாக 40 மி.மீ. சதுரமாக வரும். மொத்தம் 24 சதுரங்கள். கட்டம் சதுரமாக இருப்பதுதான் இதில் முக்கியம். படுத்த படத்துக்கும் நிமிர்ந்த படத்துக்கும் அதே கணக்கு செல்லும்.

இப்போது படங்களை வைத்துப் பாருங்கள். கைபேசிப் படம் அகலத்தில் நான்கு கட்டம், உயரத்தில் மூன்று எடுத்துக்கொண்டால் 175-க்கு 130 மி.மீ. கிடைக்கும். நாலுக்கு மூன்று விகிதத்துக்கு இது ஏறக்குறையச் சரி. உயரத்தில் ஒரு மில்லிமீட்டர் சொச்சம்தான் வெட்டுப்படும். பிலிம் காலப் படத்துக்கு மூன்றுக்கு இரண்டு கட்டம், அதாவது 130-க்கு 85. வெட்டுப்படுவது இரண்டு மில்லிமீட்டருக்கும் குறைவு. அதே படம் நிமிர்ந்ததாக இருந்தால் இரண்டுக்கு மூன்று. பழைய சதுரப் படத்துக்கு மூன்றுக்கு மூன்று, 130 மி.மீ. சதுரம். மூன்று காலத்துப் படங்களும் யாருடைய தலையையும் காலையும் இழக்காமல் ஒரே கட்டத்தில் அமர்ந்துவிடுகின்றன.

அடுத்தது, தொகுப்பு முழுவதற்கும் பொருந்தும் ஒரே விதி. மேல் மூன்று வரிசை படத்துக்கு, நான்காவது வரிசை படக்குறிப்புக்கு. எல்லாப் படத்தின் அடிவிளிம்பும் பக்கத்தின் உச்சியிலிருந்து 145 மி.மீ. தூரத்தில் நிற்கும், எல்லாப் படக்குறிப்பும் 150-இல் தொடங்கும். இரண்டு சதுரப் படங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் ஆறு கட்ட அகலமும் நிறைந்துவிடும். ஒரு கைபேசிப் படமும் ஒரு நிமிர்ந்த படமும் சேர்ந்தாலும் அப்படியே, நான்கும் இரண்டும் ஆறு. பிலிம் காலத்துப் படுத்த படங்கள் இரண்டு வந்தால் உயரம் இரண்டு கட்டம்தான் இருக்கும். அப்போது அவற்றைக் கீழே இறக்கி 145-இல் நிறுத்துங்கள், மேல் வரிசை வெறுமையாக இருக்கட்டும். அந்த வெற்றிடத்தைப் பார்த்ததும் ஒரு பூ வேலைப்பாட்டையோ இன்னொரு சின்னப் படத்தையோ சொருகக் கை வரும். செய்யாதீர்கள். பக்கம் புரளும்போது படத்தின் அடியும் எழுத்தின் தொடக்கமும் அசையாமல் இருப்பதால்தான் கண் முகத்துக்கு நேராகப் போகிறது.

விதிவிலக்கு இரண்டு போதும். திருமணக் கோலத்தில் ஸ்டூடியோவில் எடுத்த நிமிர்ந்த படம் போன்ற ஒன்றுக்கு மூன்றுக்கு நான்கு கட்டம் கொடுத்து முழு உயரத்துக்கும் நிறுத்தலாம். அதன் குறிப்பு வலப்பக்கம், அதே 150-இல். இருபது பேர் நிற்கும் குழுப் படத்துக்கு நான்காவது வரிசையில் பெயர்கள் அடங்காது. அதற்கு நான்குக்கு மூன்று கட்டத்தில் படம் வைத்து, வலப்பக்க இரண்டு கட்ட அகலத்தைப் பெயர்ப் பட்டியலுக்கு விட்டுவிடலாம்.

படக்குறிப்பின் அகலம் எப்போதும் இரண்டு கட்டம், 85 மி.மீ.தான். மேலே படம் 175 மி.மீ. அகலத்துக்கு விரிந்தாலும் எழுத்தை அந்த அளவுக்கு விரிக்க வேண்டாம். சின்ன எழுத்தில் நீண்ட வரி படிக்கச் சிரமம். எழுத்து 10 புள்ளி, வரிக்கு வரி 15 புள்ளி வைக்கலாம். ஆங்கிலத்துக்கு வைக்கும் வரி இடைவெளி தமிழுக்குப் போதாது. மேலும் கீழுமாக நம் எழுத்துகள் விரிவதால் 12 புள்ளி இடைவெளியில் அடுத்தடுத்த வரிகள் நெருக்கியடிக்கும். இந்த அளவில் 40 மி.மீ. உயரத்தில் ஏழு வரிகள் அடங்கும். எழுதுபவருக்கு அந்த ஏழு வரி நல்ல வரம்பு.

அந்த ஏழு வரியில் என்ன எழுதுவது? முதல் வரியில் ஊரும் ஆண்டும், தடித்த எழுத்தில். ஆண்டு உறுதியாகத் தெரியாவிட்டால் ‘1965 வாக்கில்’ என்று போடுங்கள். பொய்யான துல்லியம் அடுத்த தலைமுறையில் உண்மையாகிவிடும். அடுத்து, இடமிருந்து வலமாகப் பெயர்கள். நிற்பவர்கள் தனியாக, அமர்ந்திருப்பவர்கள் தனியாக. ‘பெரியம்மா’, ‘அத்தை’, ‘மாமா’ என்று மட்டும் எழுதினால் படிப்பவர் மாறும்போது ஆளும் மாறிவிடும். தொகுப்பு பாட்டிக்காக என்றால், எல்லா உறவையும் பாட்டியிடமிருந்தே சொல்லுங்கள்: பெயர், பிறகு ‘பாட்டியின் இளைய நாத்தனார்’ என்பதுபோல. யாரென்று தெரியாத முகத்துக்கும் பட்டியலில் ஓர் இடம் வேண்டும். ‘மூன்றாமவர் பெயர் தெரியவில்லை’ என்று எழுதி வைத்தால், படிக்கும் உறவினர் யாராவது சொல்வார்.

இனி கணினியில் செய்வது. ஸ்க்ரைபஸ் என்ற இலவச மென்பொருள் இந்த வேலைக்கு மிகப் பொருத்தமானது. பழைய 1.4 பதிப்பில் தமிழ் எழுத்து உடைந்து, ‘கொ’வின் கொம்பு இடம் மாறி நிற்கும், 1.6 பதிப்பு தமிழைச் சரியாகக் கோக்கிறது. புதிய ஆவணத்தில் மேலே சொன்ன ஓரங்களைக் கொடுத்துவிட்டு `Page > Manage Guides` போய், `Column/Row` பகுதியைத் திறந்தால் கோடுகளின் எண்ணிக்கை கேட்கும். ஆறு கட்டத்துக்கு இடையே கோடு ஐந்துதான், நான்குக்கு மூன்று. இடைவெளி 5 மி.மீ. என்று கொடுத்து, ஓரங்களை அடிப்படையாக வைக்கச் சொல்லி, எல்லாப் பக்கத்துக்கும் பொருத்திவிடுங்கள். `Snap to Guides` இயங்கினால் படச்சட்டம் கோட்டருகே போனதும் தானாக ஒட்டிக்கொள்ளும். லிப்ரெஆபீஸ் டிராவில் செய்பவர்கள் படத்தைத் தேர்ந்து F4 அழுத்தி இடத்தை எண்ணாகவே தட்டலாம். இந்தக் கட்டத்தில் இடமிருந்து தொடங்கும் எண்கள் 16, 61, 106, 151, 196, 241. மேலிருந்து 15, 60, 105, 150. ஒரு தாளில் எழுதி எதிரே ஒட்டி வைத்துக்கொள்ளத் தக்க எண்கள் இவை.

ஸ்க்ரைபஸ் படங்களைத் தன் கோப்புக்குள் சேர்த்துக்கொள்வதில்லை. அவை இருக்கும் இடத்தை மட்டும் நினைவில் வைக்கிறது. நடுவில் படங்களை வேறு ஃபோல்டருக்கு மாற்றினால் பக்கங்கள் காலியாகிவிடும். எல்லாவற்றையும் ஒரே ஃபோல்டரில் போட்ட பிறகு தொடங்குங்கள்.

படம் சட்டத்தை நிறைக்கவில்லையே என்று ஒரு மூலையைப் பிடித்து இழுப்பதில்தான் பெரும்பாலும் கேடு வருகிறது. அகலமும் உயரமும் வேறு வேறு விகிதத்தில் நீண்டுவிடும். முகத்தில் உடனே தெரியாது. கொஞ்சம் குண்டாகிவிட்டதுபோல மட்டும் இருக்கும். நெற்றியில் உள்ள வட்டப் பொட்டையோ பின்னால் சுவரில் மாட்டிய கடிகாரத்தையோ பாருங்கள். அது முட்டை வடிவமாகியிருந்தால் படம் இழுபட்டிருக்கிறது. `Proportional` தேர்வை எப்போதும் போட்டு வையுங்கள். வெட்டியே ஆக வேண்டும் என்றால் மணிக்கட்டிலும் கணுக்காலிலும் வெட்டாதீர்கள். பழைய அட்டைப் படத்தின் கீழே ஸ்டூடியோ பெயர் பொறித்திருந்தால் அதையும் சேர்த்து முழுதாக வையுங்கள். எந்த ஊரில் எடுத்தது என்பதற்கு அதுதான் சாட்சி.

அளவைப் பெரிதாக்கும் ஆசைக்கும் ஓர் எல்லை உண்டு. அச்சுக்கு அங்குலத்துக்கு 300 புள்ளி என்பது நல்ல அளவு. 200-க்கு மேல் இருந்தால் வீட்டுத் தொகுப்புக்குக் குறை தெரியாது. வாட்ஸ்அப்பில் சாதாரணமாக வந்த படத்தின் நீண்ட பக்கம் பெரும்பாலும் 1600 புள்ளிதான் இருக்கும். அது மூன்று கட்ட அகலத்தில் 312 புள்ளியாக நிற்கும், நான்கு கட்டத்தில் 232. ஆறு கட்டத்துக்கும் விரித்தால் 153-க்கு விழுந்து கண்ணிமைகள் குழைந்துவிடும். அதனால் உறவினர்களிடம் படத்தை டாக்குமென்டாக அனுப்பச் சொல்லுங்கள். ஆறு சென்டிமீட்டர் பழைய சதுரப் படத்தை 600 புள்ளியில் ஸ்கேன் செய்தால், மூன்று கட்ட அகலத்தில் சுமார் 277 கிடைக்கும், அது போதும். அதையே 300-இல் ஸ்கேன் செய்திருந்தால் பாதிதான்.

பி.டி.எஃப். ஆக்கும் முன்பு `Preflight Verifier` ஓடும். புள்ளி குறைந்த படம், சட்டத்தில் அடங்காமல் வழிந்த எழுத்து, எழுத்துருவில் இல்லாத எழுத்து எல்லாவற்றையும் பக்க எண்ணோடு காட்டும். எட்டாவது வரிக்குப் போய் மறைந்த பெயரை இதுதான் பிடித்துக் கொடுக்கும். அச்சுக்கு 300-இல் ஒரு கோப்பு, கைபேசியில் பார்க்க 150-இல் இன்னொன்று என இரண்டாக எடுத்துக்கொள்ளுங்கள்.

கடைசியாக, பி.டி.எஃப்.பைத் திறந்து ஒரு பெயரைத் தேடிப் பாருங்கள். பாமினி போன்ற பழைய எழுத்துருவில் தட்டியிருந்தால் கண்ணுக்குத் தமிழாகத் தெரியும், தேடினால் ஒன்றும் அகப்படாது. யூனிகோடு எழுத்துருவிலும் ‘கொ’, ‘மோ’ போன்ற எழுத்துகள் உள்ள பெயர்கள் சில சமயம் தேடலுக்குச் சிக்குவதில்லை. அப்படிப்பட்ட பெயரையே தேர்ந்து சோதிப்பது நல்லது. அகப்படாவிட்டால் நோட்டோ சான்ஸ் தமிழ் போன்ற வேறு யூனிகோடு எழுத்துருவுக்கு மாற்றி மறுபடி எடுத்துப் பாருங்கள். ஸ்க்ரைபஸ் கோப்பையும் படங்கள் உள்ள ஃபோல்டரையும் சேர்த்தே பத்திரப்படுத்துங்கள். மூன்றாமவரின் பெயர் ஒருநாள் தெரியவந்தால், அந்த ஒரு வரியை மாற்றிவிட்டு மறுபடி எடுத்துக்கொள்ளலாம்.