சளி போச்சு, அடைப்பு போகலையே!

"மாமா, அண்ணனுக்குச் சளி எப்போதோ போய்விட்டது. ஆனாலும் ராத்திரியில் எழுந்து எழுந்து மூக்கில் மருந்து அடிக்கிறான். ஏன்?" என்று ஒரு சுட்டிப் பெண் கேட்டாள். சபாஷ் கண்ணு! நன்றாகக் கவனித்திருக்கிறாய்.

மூக்குக்குள் பக்கச் சுவர்களில் மெத்தென்ற மேடுகள் உண்டு. அவற்றில் ரத்தக் குழாய்கள் நிறைய. சளி பிடித்தால் அங்கே ரத்தம் தேங்கி, மேடுகள் வீங்கும். காற்று போகும் வழி குறுகும். எவ்வளவு சிந்தினாலும் அடைப்பு விடாதது இதனால்தான்.

வீங்காமல் இருக்க, நரம்புகள் அந்தக் குழாய்களுக்கு "சுருங்கு" என்று சேதி அனுப்பியபடியே இருக்கும். பள்ளி மணி போல என்று வைத்துக்கொள். ஆக்சிமெட்டசோலின், சைலோமெட்டசோலின் என்ற மருந்துகள் அதே மணியைப் பலமாக அடிக்கின்றன. குழாய்கள் சட்டென்று சுருங்கும். சில நிமிடங்களில் மூக்கு திறந்துவிடும். இதுவரை புரிகிறதா?

பலத்த மணி நாள் கணக்கில் அடித்தால் என்ன ஆகும்? குழாய்களின் காது மரத்துப்போகும். நரம்பும் தன் மணியை அடிப்பதைக் குறைத்துக்கொள்ளும். மருந்தின் வேகம் அடங்கியதும், குழாய்கள் முன்னைவிட அதிகமாக விரியும். மறுபடி அடைப்பு! உடனே மறுபடி மருந்து.

அண்ணனையே பார். முதல் நாள் ஒரு முறை அடித்ததும் இரவெல்லாம் தூங்கினான். இப்போது இரண்டு, மூன்று மணி நேரம்கூடத் தாங்கவில்லை. தும்மல் இல்லை, ஒழுகல் இல்லை, அடைப்பு மட்டும் இருக்கிறது. அடைப்பது மருந்துதான் என்பதற்கு இதுவே அடையாளம். அதனால்தான் இந்த மருந்துக்கு 3 நாள், மிஞ்சினால் 5 நாள் என்று வரம்பு வைக்கிறார்கள்.

சரி, எப்படி விடுவது? ஒரேயடியாக நிறுத்தலாம். முதல் சில நாள் சிரமமாக இருக்கும். அது பயமாக இருந்தால் இன்னொரு வழி, எனக்குப் பிடித்த வழி, இருக்கிறது. முதலில் வலது பக்கம் மட்டும் நிறுத்த வேண்டும். அந்தப் பக்கம் நன்றாக அடைக்கும். இடது பக்கம் திறந்திருப்பதால் அண்ணன் தூங்கிவிடுவான். ஒரு வாரம் போல ஆனதும் வலது பக்கம் தானாகத் திறக்கும். பிறகு இடது பக்கத்தையும் நிறுத்தலாம்.

அதுவரை உப்புநீர்ச் சொட்டு மருந்து உதவும். தலையணையை உயர்த்திப் படுப்பதும் உதவும். மருத்துவர் ஸ்டீராய்டு ஸ்பிரே தரக்கூடும். அது மணி அடிப்பதில்லை, வீக்கத்தை மெல்லத் தணிக்கும். பலன் தெரியச் சில நாள் ஆகும். இரண்டு வாரம் கழித்தும் அடைப்பு விடவில்லையா? காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் போக வேண்டும். ஒவ்வாமையோ, உள்ளே எலும்பு வளைவோ இருக்கலாம்.

ஒன்று கேள், செல்லம். அண்ணனின் பாட்டிலை நீ எடுத்து அடித்துக்கொள்ளாதே. சிறு பிள்ளைகளுக்கு இந்த மருந்தின் அளவே வேறு. உப்புநீர் பாட்டிலும் பார்க்க இதேபோல இருக்கும். அதனால் அம்மாவையோ அப்பாவையோ லேபிளைப் படித்துப் பார்க்கச் சொல்.