நேற்றைய உச்சமும் தாழ்வும் இன்றைய வர்த்தகத்துக்கு எவ்வளவு உதவும்?

காலை ஒன்பதேகால் மணிக்குப் பங்குச்சந்தை திறக்கும் முன்பே, இன்ட்ராடே செய்பவர்களின் சார்ட்டில் சில படுக்கைக் கோடுகள் தயாராக இருக்கும். நேற்றைய உச்ச விலைக்கு ஒன்று, நேற்றைய குறைந்த விலைக்கு ஒன்று, நடுவில் பிவட் என்று ஒன்று. பிவட்டுக்கு மேலே R1, R2. கீழே S1, S2. “பிவட்டுக்கு மேலே இருந்தால் வாங்கு, கீழே இருந்தால் விற்றுவிடு” என்கிற ஒற்றை வரி அறிவுரையோடு இந்தக் கோடுகள் யூடியூபிலும் டெலிகிராம் குழுக்களிலும் வலம் வருகின்றன. இவை எந்த நாளில் கைகொடுக்கும், எந்த நாளில் காலை வாரும் என்று தெரிந்துகொள்ள, 2024 ஜூன் முதல் வாரத்து நிஃப்டி நல்ல பாடம். மக்களவைத் தேர்தல் முடிவு வந்த வாரம் அது. நான்கு நாட்களுக்குள் எல்லா வகை நாளும் வந்துபோயின.

முதலில் கணக்கு. அமெரிக்காவின் சிகாகோ சந்தைகளில், வர்த்தகத் தளத்தில் நின்று கூவி ஏலம் கேட்ட காலத்திலிருந்து வரும் முறை இது. கையாலேயே போட்டுவிடலாம் என்பதால்தான் அங்கே பரவியது. நேற்றைய உச்சம் H, தாழ்வு L, முடிவு விலை C என்றால்:

```
P  = (H + L + C) / 3
R1 = 2P - L        S1 = 2P - H
R2 = P + (H - L)   S2 = P - (H - L)
```

இதில் ஒளிந்திருக்கும் மர்மம் ஒன்றுமில்லை. மூன்று விலைகளின் சராசரிதான் P. அதிலிருந்து நேற்றைய உச்சம் எவ்வளவு தூரத்தில் இருந்ததோ, அதே தூரத்தைக் கீழே அளந்தால் S1. நேற்றைய தாழ்வு எவ்வளவு தூரமோ, அதை மேலே அளந்தால் R1. ஆக, இந்தக் கோடுகள் எல்லாமே நேற்று விலை எவ்வளவு அகலத்தில் ஆடியது, எங்கே வந்து முடிந்தது என்ற இரண்டு தகவல்களின் மறுபதிப்பு. இன்றைய நாளைப் பற்றி அவற்றுக்கு எதுவும் தெரியாது.

கோடுகள் பறந்த நாள்

ஜூன் 3, திங்கள். கருத்துக்கணிப்புகள் ஆளுங்கட்சிக்குப் பெரும் வெற்றி என்று சொல்லியிருந்ததால் சந்தை துள்ளித் திறந்தது. நிஃப்டியின் உச்சம் 23,339, தாழ்வு 23,062, முடிவு 23,264. (தசமத்தோடு கணக்கிட்டு, இங்கே முழு எண்ணாக எழுதியிருக்கிறேன்.) இதிலிருந்து மறுநாளுக்கான பிவட் 23,222. S1 23,105; S2 22,945. இன்னும் ஒரு படி கீழே S3 போட்டாலும் 22,828.

ஜூன் 4, வாக்கு எண்ணிக்கை. ஆளுங்கட்சிக்குத் தனிப்பெரும்பான்மை கிடைக்காது என்று தெரியத் தெரியச் சந்தை சரிந்தது. நிஃப்டி திறந்தது 23,180-ல். அன்றைய உச்சமும் அதுவே. பிவட்டை ஒரு தடவைகூடத் தொடவில்லை. S1, நேற்றைய தாழ்வு, S2, S3 எல்லாவற்றையும் உடைத்துக்கொண்டு 21,281 வரை போய், 21,885-ல் முடிந்தது. S3-க்கும் கீழே 1,500 புள்ளிகளுக்கு மேல் சரிவு. “S1 வந்துவிட்டது, இங்கே சப்போர்ட் இருக்கும்” என்று ஸ்டாப்லாஸ் இல்லாமல் வாங்கியவரின் கதி என்ன என்று சொல்லத் தேவையில்லை.

பெரிய செய்தி வரும் நாளில் கோடுகள் நிற்காது என்பது எளிதில் புரியக்கூடியது. ஆனால் இங்கே கணக்கிலேயே ஒரு ஓட்டை இருக்கிறது. ஜூன் 3-ம் தேதி உச்சத்துக்கும் தாழ்வுக்கும் இடையே 276 புள்ளிதான் என்பதால் சூத்திரம் அதை அமைதியான நாளாக எடுத்துக்கொண்டது. உண்மையில், முந்தைய வெள்ளிக்கிழமை முடிவான 22,531-லிருந்து பார்த்தால் அன்று விலை 800 புள்ளிக்கு மேல் ஏறியிருந்தது. அதில் பெரும்பகுதி சந்தை திறக்கும்போதே நடந்துவிட்ட தாவல். இரண்டு நாட்களுக்கு நடுவில் விழும் இந்த இடைவெளியைச் சூத்திரம் பார்ப்பதே இல்லை. அதனால் எல்லா S கோடுகளும் ஒன்றன்மேல் ஒன்றாக நெருக்கி உட்கார்ந்திருந்தன. நேற்று பெரிய இடைவெளியோடு திறந்து குறுகலாக ஆடியிருந்தால், இன்றைய கோடுகளை நம்பக் கூடாது என்பதற்கு அதுவே அடையாளம்.

கோடுகள் எட்டாத நாள்

மறுநாளுக்கு நேர்மாறான சிக்கல். ஜூன் 4-ன் ஆட்டம் 1,898 புள்ளி. அதை வைத்துப் போட்டால் ஜூன் 5-க்குப் பிவட் 22,115, R1 22,949, S1 21,051. பிவட்டிலிருந்து எந்தப் பக்கம் போனாலும் முதல் கோட்டைத் தொட 800 புள்ளிக்கு மேல் நடக்க வேண்டும்.

அன்று நிஃப்டி 22,128-ல், அதாவது பிவட்டுக்கு வெகு அருகில் திறந்தது. கீழே 21,792, மேலே 22,670 போய், 22,620-ல் முடிந்தது. R1-ஐயும் தொடவில்லை, S1-ஐயும் தொடவில்லை; நேற்றைய உச்சம், தாழ்வு இரண்டுக்கும் உள்ளேயே நாள் முடிந்தது. சார்ட் பார்ப்பவர்கள் இதை இன்சைட் டே என்பார்கள். “பிவட்டுக்கு மேலே வாங்கு, கீழே விற்றுவிடு” என்ற விதியைப் பிடித்தவருக்கு அன்று பெரும் குழப்பம். பிவட்டுக்குக் கீழே முன்னூறு புள்ளிக்கு மேல் இறங்கி, பிறகு பிவட்டுக்கு மேலே ஐந்நூறு புள்ளிக்கு மேல் போய் முடிந்த நாள் அது. கீழே போனபோது விற்றவர் S1 வரட்டும் என்று காத்திருந்தால் லாபம் கைக்கு வராமலே கரைந்திருக்கும்.

கோடுகள் பேசிய நாள்

ஜூன் 5-ன் விலைகளை வைத்து ஜூன் 6-க்குக் கணக்கிட்டால் பிவட் 22,361, R1 22,930. நேற்றைய உச்சம் 22,670. அன்று சந்தை 22,799-ல், நேற்றைய உச்சத்துக்கு மேலேயே திறந்தது. நாளின் உச்சம் 22,910. R1-க்கு வெறும் இருபது புள்ளி கீழே. நாளின் தாழ்வு 22,643. நேற்றைய உச்சத்துக்கு முப்பது புள்ளிக்குள்தான் கீழே இறங்கியது. முடிவு 22,821. நாள் முழுவதும் ஏறக்குறைய நேற்றைய உச்சத்துக்கும் R1-க்கும் நடுவிலேயே கழிந்தது.

பாடப்புத்தக உதாரணம்போல இருக்கிறது. ஒரு நாள் பொருந்தியதால் சூத்திரம் மெய் என்று ஆகிவிடாது. முந்தைய இரண்டு நாட்களையும் பார்த்தோமே. ஆனால் இதில் கவனிக்க ஒன்று உண்டு. நேற்றைய உச்சத்தின் மேலே வாங்கிவிட்டு, அந்தக் கோட்டுக்கு ஐந்து பத்துப் புள்ளி கீழே ஸ்டாப்லாஸ் வைத்தவர் நஷ்டத்தோடு வெளியே தள்ளப்பட்டிருப்பார். விலையோ கடைசியில் அவர் நினைத்த பக்கமே நின்றது.

இது ஏன் அடிக்கடி நடக்கிறது? நேற்றைய உச்சம் எல்லோர் திரையிலும் தெரியும் விலை. விற்று வைத்திருப்பவர்கள் அதற்குச் சற்று மேலே ஸ்டாப்லாஸ் போடுவார்கள்; வாங்கி லாபம் பார்த்தவர்கள் அந்த விலையிலேயே விற்க ஆர்டர் போடுவார்கள். பொருளாதார நிபுணர் கரோல் ஆஸ்லர் 2003-ல் அந்நியச் செலாவணிச் சந்தையின் ஆர்டர்களை ஆராய்ந்தபோது, லாபம் எடுக்கும் ஆர்டர்கள் முழு எண் விலைகளிலேயே குவிவதையும், ஸ்டாப்லாஸ் ஆர்டர்கள் அவற்றைத் தாண்டிச் சற்றுத் தள்ளிக் குவிவதையும் கண்டார். எல்லோரும் பார்க்கும் எந்த விலைக்கும் இது ஓரளவு பொருந்தும். கோட்டருகே விலை தயங்குவது முதல் வகை ஆர்டரால். கோட்டைத் தாண்டியதும் குபீரென்று பாய்வது இரண்டாம் வகையால். அந்தப் பாய்ச்சல் ஓய்ந்ததும் புதிதாக வாங்க ஆள் இல்லையென்றால் விலை திரும்பிவிடும்.

அதனால் அனுபவசாலிகள் கோட்டைத் தொட்டவுடன் குதிப்பதில்லை. பதினைந்து நிமிடக் கேண்டில் ஒன்று கோட்டுக்கு அப்பால் முடிகிறதா, அடுத்த கேண்டிலும் அங்கேயே நிலைக்கிறதா என்று பார்ப்பார்கள். அப்படியும் ஏமாறுவது உண்டு, ஆனால் குறைவு.

பிவட்டையும் நேற்றைய உச்சத்தையும் ஒப்பிட்டால் எனக்கு இரண்டாவதே உறுதியானதாகத் தெரிகிறது. நேற்றைய உச்சம் நிஜமாக நடந்த விலை; அங்கே வாங்கியவரும் விற்றவரும் இருக்கிறார்கள். R1 ஒரு கணக்கின் விடை மட்டுமே. கேமரில்லா, ஃபிபோனாச்சி என்று சூத்திரத்தை மாற்றினால் விடையும் மாறும்.

எண்ணே தவறினால்

கோடு சரியா என்பதற்கு முன், அதைப் போட்ட எண் சரியா என்று பார்க்க வேண்டும். ஒரே பங்குக்கு இரண்டு ஆப்கள் வெவ்வேறு பிவட் காட்டினால், பெரும்பாலும் முடிவு விலையில்தான் கோளாறு. மேலே சொன்ன 2024-ல் தேசியப் பங்குச்சந்தையின் அதிகாரபூர்வ முடிவு விலை என்பது, மூன்றரை மணிக்கு நடந்த கடைசி வர்த்தகத்தின் விலை அல்ல. கடைசி அரை மணி நேரத்து வர்த்தகங்களின், அளவுக்கேற்ற சராசரி. நிமிடக் கேண்டிலின் கடைசி விலையை எடுக்கும் ஆப் வேறு எண்ணைத்தான் தரும். நிஃப்டி குறியீட்டுக்குப் போட்ட கோடுகளை நிஃப்டி ஃபியூச்சர்ஸ் சார்ட்டில் வைப்பதும் இதே தவறு. இரண்டின் விலையும் ஒன்றல்ல. பங்கு போனஸோ பிரிப்போ கண்ட நாளில், பழைய உச்சத்தை அதே விகிதத்தில் திருத்தாவிட்டால் கோடு எங்கோ ஆகாயத்தில் நிற்கும். தீபாவளி முகூர்த்த வர்த்தகம் ஒரு மணி நேரமே நடக்கும் என்பதால், மறுநாளுக்கு அந்த ஒரு மணி நேரத்தை விட்டுவிட்டு அதற்கு முந்தைய முழு நாளை எடுத்துக்கொள்வது நல்லது.

காலையில் கோடு போடுவதற்கு முன் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே ஒன்று: நேற்றைய ஆட்டம் வழக்கமான அகலத்தில் இருந்ததா? மிகக் குறுகலாக இருந்திருந்தால் கோடுகள் எளிதில் உடையும். மிக அகலமாக இருந்திருந்தால் விலை அவற்றை எட்டவே எட்டாது. கடந்த பத்து நாட்களின் உச்சத்துக்கும் தாழ்வுக்கும் உள்ள வித்தியாசத்தைச் சராசரி எடுத்து, நேற்றைய நாளை அதோடு ஒப்பிட ஐந்து நிமிடம்கூட ஆகாது.

பங்குகளில் இன்ட்ராடே செய்யும் தனிநபர்களில் பத்தில் ஏழு பேர் 2022-23-ல் நஷ்டப்பட்டார்கள் என்று செபியின் ஆய்வு சொல்கிறது. பிவட் கோடு அவர்களின் திரைகளிலும்தான் இருந்திருக்கும். கோடு எல்லோருக்கும் இலவசமாகவே கிடைக்கிறது. தவறினால் எவ்வளவு இழப்போம் என்பதைச் சந்தை திறக்கும் முன்பே எழுதி வைக்காதவருக்கு அந்தக் கோட்டால் ஒரு பயனும் இல்லை.