35.45 நிறையுள்ள குளோரின் அணு எங்கே இருக்கிறது?

பள்ளி வேதியியல் புத்தகத்தில் குளோரினுக்கு அணு எண் 17, அணு நிறை 35.5 என்று போட்டிருக்கும். நிறை எண்ணிலிருந்து அணு எண்ணைக் கழித்தால் நியூட்ரான்களின் எண்ணிக்கை வரும் என்று அதே புத்தகம் இன்னொரு பக்கத்தில் சொல்லித் தருகிறது. இரண்டையும் சேர்த்துப் பார்க்கிற பிள்ளைக்கு 18.5 என்று விடை வருகிறது. அரை நியூட்ரான் என்று ஒன்று உலகத்தில் இல்லை. பல வகுப்புகளில் இந்த இடத்தை 'முழு எண்ணாக மாற்றிக்கொள்' என்று சொல்லிக் கடந்துவிடுகிறார்கள். நான் கடக்க விரும்பவில்லை. அந்தக் குழந்தையின் சந்தேகம்தான் ஐரோப்பிய வேதியியலாளர்களை நூறு ஆண்டுகள் தூங்கவிடாமல் செய்த சந்தேகம்.

1815-இல் லண்டன் மருத்துவர் வில்லியம் பிரௌட் ஒரு கருத்தை முன்வைத்தார். எல்லாத் தனிமங்களின் அணு நிறைகளும் ஹைட்ரஜனின் முழு மடங்குகளாக இருக்கின்றன. ஆகவே எல்லா அணுக்களும் ஹைட்ரஜனால் ஆனவையாக இருக்கலாம் என்றார். கார்பன் 12, ஆக்சிஜன் 16 என்று பல தனிமங்கள் இதற்கு இசைந்து வந்தன. குளோரின் ஒத்துவரவில்லை. தூய வெள்ளியை எடைபோட்டு, அதை வெள்ளிக் குளோரைடாக மாற்றி, மறுபடி எடைபோட்டுக் கணக்கிட்டால் ஒவ்வொரு முறையும் 35.46-க்குப் பக்கத்தில் வந்து நின்றது. தராசு நுட்பமாக ஆக ஆக அந்த எண் முழு எண்ணை நோக்கி நகரவே இல்லை. பிழை தராசில் இல்லை என்பது உறுதியானது. பிரௌட்டின் கருத்தைப் பலரும் கைவிட்டார்கள்.

எல்லாரும் சரிபார்க்காமல் ஏற்றுக்கொண்டிருந்த ஓர் அனுமானம் அதில் ஒளிந்திருந்தது. ஒரு தனிமத்தின் அணுக்கள் எல்லாம் அச்சு அசலாக ஒரே நிறை கொண்டவை என்பதே அது. தராசு ஒருபோதும் ஓர் அணுவை எடைபோடுவதில்லை. ஒரு கிராம் சமையல் உப்பிலேயே குளோரின் அணுக்கள் ஒன்றை அடுத்து 22 பூஜ்யங்கள் போட்ட எண்ணிக்கையில் இருக்கின்றன. அந்தக் கூட்டத்தின் மொத்த எடையை எண்ணிக்கையால் வகுத்து வந்த ஈவைத்தான் அணுவின் நிறை என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். இயற்பியலாளர் வில்லியம் குரூக்ஸ் 1886-லேயே, இந்த எண்கள் சற்றே வேறுபட்ட அணுக்களின் சராசரியாக இருக்கலாம் என்று சொன்னார். அப்போது அதைச் சோதித்துப் பார்க்க வழி இல்லை.

வழியை 1919-இல் கேம்பிரிட்ஜின் கேவெண்டிஷ் ஆய்வகத்தில் பிரான்சிஸ் ஆஸ்டன் உருவாக்கினார். வாயுவை மின்னேற்றம் செய்து, அந்த மின்னேற்ற அணுக்களைக் கற்றையாக்கி, மின்புலத்துக்கும் காந்தப்புலத்துக்கும் நடுவே செலுத்தினார். கனமான அணு குறைவாக வளையும், இலேசான அணு அதிகமாக வளையும். வளைந்து வந்தவை ஒளிப்படத் தகட்டில் மோதும்போது ஒவ்வொரு நிறைக்கும் தனித்தனிக் கோடு விழும். கூட்டத்தை எடைபோடுவதை விட்டுவிட்டு, அணுக்களை நிறைவாரியாகப் பிரித்து நிறுத்தும் கருவி இது.

குளோரின் சேர்மத்தை உள்ளே விட்டபோது தகட்டில் 35, 36, 37, 38 ஆகிய இடங்களில் கோடுகள் விழுந்தன. 36-ம் 38-ம் ஒரு ஹைட்ரஜனைச் சேர்த்துக்கொண்டு வந்த குளோரின், அதாவது ஹைட்ரஜன் குளோரைடு. அவற்றை விலக்கினால் மிஞ்சுபவை 35, 37 என்ற இரண்டு. வேதியியலாளர்கள் தலைமுறை தலைமுறையாக எடைபோட்டுக் கண்ட 35.46 என்ற இடத்தில் எந்தக் கோடும் இல்லை. அந்த நிறையில் ஓர் அணுகூட அங்கே வந்து விழவில்லை. 1922-இல் ஆஸ்டனுக்கு வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது.

இரண்டு குளோரின்களுக்கும் 17 புரோட்டான்கள்தான். ஒன்றில் 18 நியூட்ரான்கள், மற்றதில் 20. இப்படிப்பட்ட உறவுக்காரர்களைத்தான் ஐசோடோப்புகள் என்கிறோம். 18.5 என்ற விடைக்கு இதுதான் பதில்: அந்தக் கழித்தலைச் சராசரி நிறையை வைத்துச் செய்யவே கூடாது, தனித்தனி ஐசோடோப்புக்குத்தான் செய்ய வேண்டும்.

இப்போது சராசரியை நாமே போட்டுப் பார்க்கலாம். குளோரின்-35 அணுவின் நிறை 34.969 அலகு, இயற்கைக் குளோரினில் அது 75.76 சதவீதம். குளோரின்-37 அணுவின் நிறை 36.966, அது 24.24 சதவீதம். இரண்டு நிறைகளையும் கூட்டி இரண்டால் வகுத்தால் 35.97 வரும், அது தவறு. எது எவ்வளவு இருக்கிறதோ அந்த அளவுக்கு அதன் நிறை கணக்கில் ஏற வேண்டும். 34.969-ஐ 0.7576-ஆல் பெருக்கினால் 26.492. 36.966-ஐ 0.2424-ஆல் பெருக்கினால் 8.961. கூட்டினால் 35.453. தராசு சொன்னதும் ஏறக்குறைய இதுதான். ஒரே ஓர் அணுவைக்கூடத் தனியே பார்க்காத அந்தப் பழைய வேதியியலாளர்களின் கைத்திறனை இந்த இடத்தில் வணங்கத்தான் வேண்டும்.

ஐசோடோப்பின் நிறையும் சரியாக 35 இல்லையே, 34.969 தானே என்று கூர்ந்து படிப்பவர்கள் கேட்கலாம். அந்தச் சிறு குறைவு வேறு காரணத்தால் வருவது. புரோட்டான்களும் நியூட்ரான்களும் அணுக்கருவில் இறுகப் பிணையும்போது கொஞ்சம் நிறை ஆற்றலாக வெளியேறிவிடுகிறது. அது உண்மையிலேயே ஒவ்வோர் அணுவுக்கும் உள்ள நிறை. 35.45-இல் உள்ள .45 அப்படியல்ல, அது கலவையால் மட்டுமே வந்தது. இரண்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது. தங்கம், சோடியம், அலுமினியம் போன்றவை இயற்கையில் ஒரே ஐசோடோப்பாக மட்டும் கிடைக்கின்றன. அவற்றுக்குச் சராசரியே அணுவின் நிறையும் ஆகிவிடுகிறது, அலுமினியத்தின் 26.98 எந்த அலுமினிய அணுவை எடுத்தாலும் பொருந்தும்.

ஏமாற்றும் எண்களும் உண்டு. புரோமினுக்கு அட்டவணையில் 79.90 என்று இருக்கும். முழு எண்ணாக்கினால் 80, ஆகவே 45 நியூட்ரான் என்று எழுதிவிடத் தோன்றும். இயற்கைப் புரோமினில் 80 என்ற ஐசோடோப்பே இல்லை. 79 பாதியை விடச் சற்று அதிகம், 81 பாதியை விடச் சற்றுக் குறைவு. அவற்றின் நடுவில் வந்து நிற்கும் எண்தான் 80-ஐப் போலத் தெரிகிறது. முழு எண்ணாக மாற்றும் பழக்கம் இங்கே இல்லாத அணுவையே உண்டாக்கிவிடுகிறது.

சராசரி அணுக்களில் இல்லை என்பதை ஆய்வகத்தில் வேலை செய்பவர்கள் தினமும் பார்க்கிறார்கள். குளோரின் மூலக்கூறில் இரண்டு அணுக்கள். அட்டவணைப்படி அதன் நிறை 70.9. நிறை நிறமாலைமானியில் 71-இல் போய்த் தேடினால் எதுவும் கிடைக்காது. 70, 72, 74 என்று மூன்று முகடுகள் வரும்: இரண்டும் இலேசானவை 57 சதவீதம், ஒன்று இலேசு ஒன்று கனம் 37 சதவீதம், இரண்டும் கனமானவை 6 சதவீதம். ஒரேயொரு குளோரின் உள்ள சேர்மத்தில் இரண்டு அலகு இடைவெளியில் மூன்றுக்கு ஒன்று என்ற உயரத்தில் இரட்டை முகடு நிற்கும். காய்கறியில் பூச்சிமருந்து எச்சம் தேடும் ஆய்வாளருக்கு அந்த இரட்டையைப் பார்த்தவுடனே, இங்கே குளோரின் இருக்கிறது என்று தெரிந்துவிடும்.

எத்தனை அணுக்கள் சேர்ந்தால் சராசரி நிலைபெறும்? நூறு குளோரின் அணுக்களை எடுத்தால் கனமானவை சரியாக 24 இருக்கும் என்று சொல்ல முடியாது. 20-ம் வரலாம், 28-ம் வரலாம். அதற்கேற்ப அந்தக் கூட்டத்தின் சராசரி 35.37 முதல் 35.53 வரை அலையும். ஒரு சிட்டிகை உப்பில் உள்ள எண்ணிக்கைக்குப் போய்விட்டால் இந்தத் தற்செயல் அலைச்சல் எந்தத் தராசாலும் பிடிக்க முடியாத அளவுக்குச் சுருங்கிவிடுகிறது. 35.45 கிராம் குளோரினில் ஒரு மோல் அணுக்கள் இருக்கும் என்று நம்பிக் கணக்குப் போடலாம் என்பது இதனால்தான்.

ஆனால் எல்லா ஊர்க் கூட்டமும் ஒரே விகிதத்தில் கலந்திருக்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை. குளோரின் பெரும்பாலும் கடலில் கரைந்து நன்றாகக் கலந்துவிட்டது, அதனால் இடத்துக்கு இடம் மிகக் குறைவாகவே மாறுகிறது. காரீயத்தின் கதை வேறு. அது பாறைக்குள்ளேயே பிறக்கிறது. யுரேனியம்-238 சிதைந்து சிதைந்து கடைசியில் காரீயம்-206 ஆகிறது. தோரியம் சிதைந்து காரீயம்-208 ஆகிறது. அப்படியானால் யுரேனியப் பாறையில் எடுத்த காரீயம் இலேசாகவும், தோரியப் பாறையில் எடுத்த காரீயம் கனமாகவும் இருக்க வேண்டும்.

ஆஸ்டனின் கருவி வருவதற்கு முன்பே இது தராசால் மெய்ப்பிக்கப்பட்டது, அதில் இலங்கை மண்ணுக்குப் பங்கு உண்டு. தோரியம் மிகுந்த தோரியனைட் என்ற கனிமத்தை 1904-இல் இலங்கையில் கண்டறிந்தவர், பின்னாளில் கலை வரலாற்றறிஞராகப் புகழ்பெற்ற ஆனந்த குமாரசுவாமி. தோரியம் நிறைந்து யுரேனியம் குறைந்த இன்னோர் இலங்கைக் கனிமமான தோரைட்டிலிருந்து பிரெடரிக் சோடி காரீயத்தைப் பிரித்தெடுத்தார். ஓட்டோ ஹோனிக்ஷ்மிட் அதன் அணு நிறையை 207.77 என்று அளந்தார். சாதாரணக் காரீயத்துக்கு அது 207.2. அமெரிக்காவின் ஹார்வர்டில் தியோடர் ரிச்சர்ட்ஸ் 1914-இல் யுரேனியக் கனிமங்களின் காரீயத்தை அளந்தபோது 206.4 வரை இறங்கியது. மூன்றும் காரீயம்தான், வேதிவினைகளில் அவற்றிடையே வேறுபாடு தெரியாது. அணு நிறை மட்டும் பிறந்த பாறையைப் பொறுத்து மாறியது.

சாதாரணக் காரீயத்தின் 207.2-ஐப் பார்த்துவிட்டு, அதில் பெரும்பாலும் காரீயம்-207 இருக்கும் என்று நினைக்காதீர்கள். அது 22 சதவீதம்தான். பாதிக்கு மேல் 208, 206 ஏறக்குறைய கால் பங்கு, மிச்சம் 204.

தனிமங்களின் நிறைகளை முடிவு செய்யும் பன்னாட்டு வேதியியல் அமைப்பு, 2009-இல் எடுத்த முடிவின்படி, குளோரின் உட்பட பத்துத் தனிமங்களுக்கு ஒற்றை எண்ணை விட்டுவிட்டு இடைவெளியாக அணு நிறை தரத் தொடங்கியது. குளோரினுக்கு 35.446 முதல் 35.457 வரை. காரீயம் பிறகு அந்தப் பட்டியலில் சேர்ந்தது. இன்று அதன் நியம அணு நிறை 206.14 முதல் 207.94 வரை.