வியாபாரியின் கோபம்: மெய்யா, வேஷமா?

நிலக்கடலையைப் பிடுங்கி, காய் ஆய்ந்து, களத்தில் உலர்த்தியதும் வியாபாரிகள் ஊருக்குள் வரத் தொடங்குவார்கள். சாக்கில் கைவிட்டு ஒரு பிடி காயை எடுத்து, நாலைந்தை உடைத்துப் பார்ப்பார்கள். விவசாயி விலை சொன்னதும், “இந்தச் சரக்குக்கா இந்த விலை?” என்று காயைத் தரையில் வீசிவிட்டு எழுந்துவிடும் வியாபாரியை விவசாயிகள் பலரும் பார்த்திருப்பார்கள். பதறிப்போய் அப்போதே குவிண்டாலுக்கு ரூ.500 இறங்கிவிடுபவர்கள் உண்டு. 8 குவிண்டால் காய்க்கு இது ரூ.4,000 ஆகிறது.

நெதர்லாந்து ஆராய்ச்சியாளர்கள் 2004-ல் வெளியிட்ட ஓர் ஆய்வில், செல்போன் விற்பவர்களாகப் பேரம் பேசியவர்கள், வாங்குபவர் கோபமாக இருக்கிறார் என்று தெரிந்ததும் கூடுதலாக விட்டுக் கொடுத்தார்கள். கோபப்படுகிறவர் இதற்குமேல் ஏறி வரமாட்டார் என்று அவர்களே முடிவு செய்துகொண்டதுதான் காரணம். கோபத்திற்குப் பயந்து அதிகம் இறங்குகிறவர்கள் வேறு வழியில்லாதவர்களே என்று 2006-ல் வந்த இன்னோர் ஆய்வு காட்டியது. களத்தில் காய் கிடக்க, வானம் கறுத்திருக்கும் நாளில் வியாபாரியின் குரல் ஏன் உயர்கிறது என்பது இதிலிருந்து விளங்கும்.

வேஷக் கோபத்தை எப்படி அறிவது? அது விலையைச் சொன்ன மறுவினாடி வரும். அதற்கு முன் சிரித்துப் பேசிக்கொண்டிருந்திருப்பார். குறை இன்னதென்று சொல்லாமல் “சரக்கே சரியில்லை” என்பார். கோபத்தின் முடிவில் தவறாமல் ஒரு தொகை வரும். எழுந்து போவார், ஆனால் எடை போட வந்த ஆட்கள் மரத்தடியில் உட்கார்ந்தே இருப்பார்கள். சாம்பிள் காயும் அவர் பையிலேயே இருக்கும். கூட வந்த தரகர் மட்டும், “அவர் முன்கோபி, விடுங்க அண்ணே, கொஞ்சம் பார்த்து முடிச்சுக்கலாம்” என்று சமாதானத்துக்கு வருவார். இருவர் சேர்ந்து ஆடும் ஆட்டம் இது.

மெய்க் கோபம் வேறு மாதிரி. “போன தடவை அடிமூட்டையில் மண் இருந்தது” என்று குறிப்பாக ஒன்றைச் சொல்லும். விலையை இறக்கினாலும் ஆறாது. அதற்கு விலையைக் குறைப்பது மருந்தாகாது. குறுக்கே பேசாமல் முழுவதும் கேட்டுவிட்டு, அவர் கைகாட்டும் இரண்டு மூட்டைகளை அவிழ்த்துக் கொட்டிக் காட்டுவதே சரி. மண் இருந்தால் சலித்துக் கொடுக்கலாம், அல்லது அந்த மூட்டைக்கு மட்டும் கழிவு கொடுக்கலாம்.

வேஷக் கோபத்திற்குப் பதில் கோபம் வேண்டாம். உடனே வேறு விலையும் சொல்ல வேண்டாம். சற்று நேரம் சும்மா இருந்துவிட்டு, “எதில் குறைங்க?” என்று கேட்க வேண்டும். “பருப்பு 65 கூடத் தேறாது” என்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அது அளந்து பார்க்கக்கூடிய பேச்சு. பல மூட்டைகளிலிருந்தும் எடுத்துக் கலந்த காயில் 200 கிராம் நிறுத்து, அவர் எதிரிலேயே உடைத்துப் பருப்பை நிறுக்க வேண்டும். 138 கிராம் இருந்தால் 69 சதவீதம். பருப்பு கிலோ ரூ.100 விற்கிறது என்றால், ஒரு குவிண்டால் காயில் ரூ.6,900-க்குப் பருப்பு இருக்கிறது. உடைக்கவும் வண்டிக்குமாக ரூ.200 கழித்தால் ரூ.6,700. விவசாயி கேட்டது ரூ.7,200, வியாபாரி சொன்னது ரூ.6,300 என்றால், இரண்டுமே சரியல்ல என்று தராசு சொல்லிவிடுகிறது. ரூ.6,700-க்கு முடிந்தால் 8 குவிண்டாலில் ரூ.3,200 மிச்சம். 65 சதவீதம்தான் தேறுகிறதென்றால், விவசாயி இறங்கத்தான் வேண்டும். காய் நன்றாக உலராமல் இருந்தால் இந்தக் கணக்கு செல்லாது. குலுக்கினால் உள்ளே பருப்பு ஆடும் ஓசை கேட்க வேண்டும்.

நாமும் கோபப்பட்டு நடித்தால் என்ன என்று சிலர் கேட்கலாம். 2013-ல் வெளியான ஆய்வில், நடிப்புக் கோபத்தைக் கண்டவர்கள் எதிராளி மேலிருந்த நம்பிக்கையை இழந்து, முன்னைவிடக் கறாராகக் கேட்டார்கள். வருடாவருடம் அதே வியாபாரிக்கு விற்கும் ஊரில் இது இன்னும் கெடுதல். தராசில் கைவைக்கிறார் என்று கண்ணால் பார்த்தால், அதை மட்டும் ஒருமுறை உரக்கச் சொல்லி எடையை நிறுத்திவிடுங்கள். அங்கே நடிப்பு தேவையில்லை.

வியாபாரியிடம் முன்பணம் வாங்கியிருப்பவருக்கு இந்த முறைகள் அதிகம் உதவா. கோபம் வேஷமென்று தெரிந்தும் அவர் இறங்க வேண்டியிருக்கும். மற்றவர்கள் வியாபாரி வருமுன்பே அருகிலுள்ள ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்தில் அன்றைய விலையை விசாரித்து, வண்டிக் கூலி போக என்ன நிற்கும் என்று கணக்குப் போட்டு வைத்துக்கொள்ளலாம். அங்கே சரக்கைக் கிட்டங்கியில் வைத்து அதன்பேரில் பொருளீட்டுக் கடன் பெறவும் வழி உண்டு. வியாபாரி வண்டியைக் கிளப்பிக்கொண்டு மெய்யாகவே போய்விட்டால், அவர் பின்னால் ஓடாமல் காயைச் சாக்கில் கட்டி உள்ளே அடுக்கலாம்.