ஐபிவி6 முகவரித் தொகுதி: கேட்டுப் பெற வேண்டிய அளவு

ஒரு பள்ளிக்கோ சிறு அலுவலகத்துக்கோ ஐபிவி6 இணைப்பு வரும்போது, சேவை நிறுவனம் தருவது தனி முகவரி அன்று. முகவரிகளின் தொகுதி ஆகும். அதன் அளவை முன்கூட்டியே கேட்டறியாதவர், பின்னர் தம் வலையமைப்பைப் பிரிக்க வழியின்றி நிற்க நேரிடும். முகவரியின் மொத்த நீளம் 128 பிட். சாய்கோட்டுக்குப் பின் வரும் எண், இடப்புறத்திலிருந்து எத்தனை பிட்டுகள் முன்னொட்டாக நிலைத்துள்ளன என்பதைக் காட்டுகிறது. ஆகவே எண் சிறியதாக இருந்தால் தொகுதி பெரியது.

வலையமைப்புக்குள் பிரித்து அமைக்கப்படும் ஒவ்வொரு சப்நெட்டும் /64 ஆக இருப்பதே விதி. எஞ்சிய 64 பிட்டுகள் கருவிகளை அடையாளம் காட்டுவதற்கு உரியவை. 1996இல் ஈதர்நெட்டுக்காக வெளியான முதல் வரையறை, வலையட்டையின் 48 பிட் வன்பொருள் எண்ணையே கருவிப் பகுதியாகக் கொண்டிருந்தது. 1998இல் அது 64 பிட்டாக விரிக்கப்பட்டது. வன்பொருள் எண் முகவரியிலேயே தெரிந்தால் ஒருவரின் கருவியை ஊர்விட்டு ஊர் பின்தொடர முடியும் என்பதால், இன்றைய கணினிகளும் கைபேசிகளும் பெரும்பாலும் அந்த இடத்தில் தற்போக்கான எண்களை இட்டுக்கொள்கின்றன. அதற்கும் இந்த அகலம் உதவுகிறது. நொடிக்குப் பத்து லட்சம் முகவரிகளைச் சோதித்தாலும், ஒரே ஒரு சப்நெட்டைத் துழாவி முடிக்க 5 லட்சம் ஆண்டுகளுக்கு மேலாகும்.

முகவரிகள் இவ்வளவு இருக்கையில் /64ஐயே துண்டாக்கி /80 அளவில் பல சப்நெட்டுகள் அமைக்கலாமே என்ற எண்ணம் எழுவது இயல்பு. ஆனால் ரவுட்டர் அறிவிக்கும் முன்னொட்டைக் கொண்டு கருவி தானே முகவரி அமைத்துக்கொள்ளும் முறையில், முன்னொட்டும் கருவிப் பகுதியும் சேர்ந்து சரியாக 128 பிட் ஆகவில்லை என்றால், கருவி அந்த முன்னொட்டை ஒதுக்கிவிடும். டிஹெச்சிபிவி6 சர்வர் வழியாக முகவரி வழங்கலாம் என்றால், ஆண்ட்ராய்டு கைபேசிகள் அவ்வழியில் தனி முகவரியைப் பெறுவதில்லை. எனவே கருவியில் `fe80` என்று தொடங்கும் உள்முகவரி மட்டும் தெரிந்து, `2` அல்லது `3` என்று தொடங்கும் பொதுமுகவரி இல்லாமல் போனால், முன்னொட்டின் நீளத்தையே முதலில் ஐயுற வேண்டும்.

ஆக, ஒரு /64 மட்டும் பெற்ற இடத்தில் ஒரு சப்நெட்டுக்கே முறையாக இடமுண்டு. விருந்தினர் வைஃபை, கண்காணிப்புக் கேமரா, கணக்கு அலுவலகம் மூன்றும் ஒரே வலையில் கிடக்க வேண்டியதாகிறது. இது சிக்கனத்தால் வரும் கட்டாயமும் அன்று. சேவை நிறுவனம் பெறும் ஒரு /32 தொகுதிக்குள் 65,536 /48 தொகுதிகளோ 1.67 கோடிக்கும் மேற்பட்ட /56 தொகுதிகளோ அடங்கும். இணையப் பொறியியல் பணிக்குழு 2011இல் வெளியிட்ட ஆர்.எஃப்.சி. 6177, வீட்டு வாடிக்கையாளருக்குக்கூட ஒரு /64ஐ விடக் கூடுதலாகத் தர வேண்டும் என்று பரிந்துரைக்கிறது. அது சட்டமன்று, ஆயினும் கோரிக்கைக் கடிதத்தில் சுட்டிக்காட்டத் தகுந்த ஆவணம்.

/56 கிடைத்த பள்ளி ஒன்றை எடுத்துக்கொண்டால், 64க்கும் 56க்கும் இடையே எஞ்சும் 8 பிட்டுகள் பதினாறடி எண்முறையில் இரண்டு இலக்கங்களாகின்றன. அதாவது 256 சப்நெட்டுகள். முதல் இலக்கம் பயன்பாட்டையும் இரண்டாவது கட்டடத்தையும் குறிக்கட்டும்:

```
2001:db8:51:a700::/56   பள்ளி முழுவதும்
2001:db8:51:a710::/60   அலுவலகம்
2001:db8:51:a730::/60   எல்லாக் கேமராக்களும்
2001:db8:51:a732::/64   2ஆம் கட்டடக் கேமராக்கள்
```

கட்டடத்தை முதல் இலக்கமாக வைப்பவரும் உண்டு. எனினும் பயன்பாட்டை முன்வைப்பதே மேல். கேமரா எதுவும் வெளி இணையத்தைத் தொடக்கூடாது என்ற விதியை, ஃபயர்வாலில் மூன்றாவது வரியில் உள்ள /60ஐக் கொண்டு ஒரே வரியில் எழுதிவிடலாம். புதிய கட்டடம் எழும்போதும் அந்த வரியை மாற்ற வேண்டியதில்லை. எண்களை 4 பிட் எல்லையில் வெட்டினால்தான் இந்தத் தெளிவு கிடைக்கும். /58, /61 போன்ற அளவுகள் ஓர் இலக்கத்தின் நடுவே வெட்டுவதால் படிப்பவர் தடுமாறுவர்.

தொகுதி எவ்வளவு வந்துள்ளது என்பதை ரவுட்டரின் நிலைப் பக்கத்தில், ஒப்படைக்கப்பட்ட முன்னொட்டு என்ற பொருள்படும் வரியில் காணலாம். அங்கே /64 இருந்தால், ரவுட்டரே சிறிய அளவைக் கோரியிருக்கிறதா என்று அமைப்பைப் பார்த்துவிட்டு, அதன் பின் நிறுவனத்துக்கு எழுதுவது முறை. அக்கடிதத்தில் முன்னொட்டு நிலையானதா என்பதையும் கேட்க வேண்டும். மின்தடைக்குப் பின் முன்னொட்டு மாறிவிட்டால், பழைய முன்னொட்டை வைத்து எழுதிய ஃபயர்வால் விதிகள் பொருளிழந்துவிடும், கருவிகள் பழைய முகவரியைச் சிறிது நேரம் விடாமல் பிடித்துக்கொண்டு இணைப்பின்றித் தவிக்கும். நிறுவனத்தை மாற்றினாலும் முகவரி மாறாதிருக்க வேண்டிய பெரிய அமைப்புகள், இந்தியாவில் ஐஆர்ஐஎன்என் என்னும் தேசியப் பதிவகத்திடம் கட்டணம் செலுத்தி நேரடியாகத் தொகுதி பெறலாம். ஆனால் அந்தத் தொகுதியை இணையத்தில் அறிவிக்கச் சேவை நிறுவனம் இசைய வேண்டும் என்பதால், அந்த இசைவை ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்குவது தேவை.